விருந்துக்குப் பின் எழும் வலவயிற்று வலி

நெய்யும் எண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த விருந்தொன்றை இரவில் உண்டு, யாதொரு உபாதையுமின்றிப் படுக்கச் சென்ற ஒருவர், ஓரிரண்டு மணி நேரங் கழித்து மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்து விலா எலும்புகளின் கீழோ ஒரு வலி தோன்றி வளர்வதை உணர்ந்து எழுந்து உட்காருவாராயின், அவரும் அவர் வீட்டாரும் முதலிற் சொல்லுவது பெரும்பாலும் 'வாயு' என்பதாகவே இருக்கும். ஓமத்தண்ணீரும் பெருங்காயம் கலந்த மோரும் கொடுக்கப்படும். வலி சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். அடங்கியதற்குரிய பெருமை கடைசியாகக் கொடுத்த மருந்தைச் சேரும். இவ்வாறு ஓரிரண்டு வருஷங்கள் கழிந்தபின், வேறேதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தென்பட்டு, அந்த இரவுகளுக்கெல்லாம் அவையே காரணம் என்பது வெளிப்படுவதுண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏப்பமும் உப்புசமும் நெஞ்செரிவும் உள்ள ஒருவருக்கு ஸ்கேன் செய்து, அதில் கற்கள் காணப்பட்ட மாத்திரத்தில் எல்லாப் பழியையும் கற்களின் மேற் சுமத்தி, பித்தப்பையை எடுத்த பிறகும் ஏப்பம் நிற்கவில்லையே என்று வருந்துவோரும் பலர். இவ்விருவகைத் தவறுகளிலிருந்தும் நம்மைக் காப்பது, வலி எப்பொழுது தொடங்கியது, எப்படி ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, எவ்விதம் இறங்கியது என்ற நேரக் கணக்குத்தான். ஸ்கேன் கல் இருப்பதைச் சொல்லும். வலிக்குக் கல்தான் காரணமா என்பதை அந்தக் கணக்கே சொல்லும். அக்கணக்கை வாசிக்கும் விதத்தை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பித்தப்பையின் தொழிலும் கல்லின் பிறப்பும்

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. உணவில்லாத வேளைகளில் அந்நீரின் ஒரு பகுதி, கல்லீரலின் அடிப்புறத்தை ஒட்டியிருக்கும் பித்தப்பைக்குள் சென்று தங்குகிறது. ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இந்தப் பை, 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரையே கொள்ளக்கூடியதாயினும், உள்ளே வந்த நீரிலுள்ள தண்ணீரை உறிஞ்சி அதைச் செறிவாக்கிவிடுவதால், சிறிய இடத்தில் நிரம்பப் பித்தத்தைச் சேமித்து வைக்க வல்லதாகிறது. பையின் கழுத்திலிருந்து ஒரு குறுகிய நாளம் புறப்பட்டு, கல்லீரலிலிருந்து வரும் நாளத்துடன் கூடிப் பொதுப் பித்தநாளமாகி, இரைப்பைக்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில் போய் முடிகிறது.

நாம் உண்ட கொழுப்பு முன்சிறுகுடலை அடைந்தவுடன், அதன் சுவரிலுள்ள சில அணுக்கள் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. 1928-ஆம் ஆண்டில் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர் கண்டறிந்து பெயரிட்ட இந்த ஹார்மோன், ஒரே சமயத்தில் இரண்டு காரியங்களைச் செய்கிறது: பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது, நாளத்தின் முடிவிலுள்ள தசை வளையத்தைத் தளர்த்துகிறது. பித்தம் குடலுக்குள் பாய்ந்து, கொழுப்பை நுண்ணிய துளிகளாகப் பிரித்து ஜீரணத்துக்கு ஏற்றதாக்குகிறது. மாவுப் பண்டங்கள் பித்தப்பையை இவ்வளவு வலுவாக எழுப்புவதில்லை. ஆகவே இட்லி உண்ட காலையில் நேராத உபாதை, பூரியும் குருமாவும் உண்ட இரவில் நேருவதற்குக் காரணம் உணவின் அளவன்று, அதிலுள்ள கொழுப்பே என்பது விளங்கும்.

இந்தப் பித்தநீரில் கொலஸ்டிராலும் உண்டு. நீரில் கரையாத இயல்புடைய அப்பொருள், பித்த உப்புகளும் லெசித்தினும் தம்மிடையே அதைத் தாங்கிக்கொள்வதால்தான் கரைந்த நிலையில் நிற்கிறது. இம்மூன்றுக்கும் உள்ள விகிதம் எந்த எல்லையைத் தாண்டினால் கொலஸ்டிரால் படிகமாகப் பிரியும் என்பதை 1968-இல் அட்மிராண்ட், ஸ்மால் என்னும் ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். விகிதம் கெட்டாலும், பை ஒழுங்காகச் சுருங்கித் தன்னைக் காலி செய்துகொண்டே இருக்குமானால் படிகங்கள் வெளியேறிவிடலாம். அது சோம்பிக் கிடக்குமானால், பையின் சுவரில் சுரக்கும் கோழையில் அவை சிக்கி, முதலிற் கசடாகவும் பின்னர்க் கல்லாகவும் திரளும். கர்ப்ப காலத்திலும், பட்டினி கிடந்து உடலைத் திடீரென இளைக்கச் செய்யும்போதும், நீண்ட நாள் வாய்வழி உணவில்லாதபோதும் கற்கள் உண்டாவது இதனாலேயே. இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி அழியும் பரம்பரை நோய்கள் சிலவற்றில், கொலஸ்டிராலுக்குப் பதிலாக இரத்த நிறமியின் சிதைவுப் பொருளே கறுத்த கற்களாகப் படிவதுண்டு. அத்தகைய நோயுள்ள குழந்தைகளுக்குங் கூடப் பித்தக்கல் காண்பது வியப்பன்று.

வலி எழும் விதம்

பைக்குள் கிடக்கும் கல் அங்கே கிடந்தவாறே வலியை உண்டாக்குவதில்லை. கல்லுள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் அதை அறியாமலே வாழ்கிறார்கள். அறியாதிருப்போரில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வருக்கே உபாதை தொடங்குகிறது. பை சுருங்கும்பொழுது, கல் நீரோடு சேர்ந்து கழுத்தை நோக்கித் தள்ளப்பட்டு, சில மில்லி மீட்டரே அகலமுள்ள நாளத்தின் வாயில் வந்து அடைத்துக்கொள்வதுதான் வலியின் தொடக்கம். கோலி சோடாப் புட்டியில் உள்ளிருக்கும் அழுத்தமே கோலியைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதையும், அவ்வழுத்தம் குறைந்தவுடன் கோலி கீழே விழுந்துவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே, பை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கல் வாயை அடைக்கிறது, கொழுப்பின் தூண்டுதல் ஓய்ந்து பை தளர்ந்ததும், கல் பெரும்பாலும் உள்ளே விழுந்துவிடுகிறது, வலியும் நீங்குகிறது.

இந்த ஒரு நிகழ்ச்சியை மனத்தில் கொண்டால் வலியின் லக்ஷணங்கள் யாவும் தாமே விளங்கும். கொழுப்பு இரைப்பையை விட்டு மெல்லவே இறங்குவதால், வலி இலையில் உட்கார்ந்திருக்கும்போது வராமல், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்ற பிறகு வருகிறது. அடைப்பு நீடிக்கும் வரை பையினுள் அழுத்தமும் நீடிப்பதால், அது விட்டு விட்டு முறுக்கும் குடல்வலி போலன்றி, கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே ஒரே சீராக நின்று, அரை மணிக்குக் குறையாமலும் ஐந்தாறு மணிக்கு மேற்படாமலும் இருந்து, பின்பு படிப்படியாக இறங்குகிறது. குடலோடு சம்பந்தமில்லாததால், ஏப்பம் விட்டாலும் வாயு பிரிந்தாலும் மலங்கழிந்தாலும் அது குறைவதில்லை. அமிலத்தோடு சம்பந்தமில்லாததால், வயிற்றெரிச்சலுக்குரிய திரவமருந்தும் அதைத் தொடுவதில்லை. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் ஆறுதல் கிடைப்பதில்லை. குமட்டலும் வாந்தியும் கூடவே வரலாம். காய்ச்சல் மட்டும் இராது.

வலி தோன்றும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தப்பையின் நரம்புகள் முதுகுத்தண்டின் நடுப்பகுதியை அடைவதால், மூளை அந்த வலியை மேல்வயிற்றின் நடுவிலிருந்து வருவதாகவே பல சமயங்களில் கொள்ளுகிறது. சிலருக்கு அது வலத் தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் போய்த் தைக்கும். பையின் சுவரே வீங்கி, வயிற்றின் உள்ளுறையைத் தொடும்போதுதான், விரல் வைத்துக் காட்டும்படியான வலப்பக்கத்து வலி உண்டாகிறது. ஆகையால் நடுவயிற்றில் வலித்தது என்பதனாலேயே அது அல்சர் என்று தீர்மானிப்பது தவறு. கொழுப்புணவோடு யாதொரு தொடர்புமின்றி நள்ளிரவில் வரும் வலியும் உண்டாகையால், விருந்து இல்லாததனாலேயே கல்லின் மீதுள்ள சந்தேகத்தைக் கைவிடுவதும் கூடாது.

ஓர் உதாரணம்

பல நோயாளிகளிடத்துக் காணும் அம்சங்களைச் சேர்த்து, விளக்கத்தின் பொருட்டு ஒரு வரலாற்றை இங்கே வகுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் வசிக்கும் நாற்பத்திரண்டு வயதுள்ள, மூன்று குழந்தைகளுக்குத் தாயான, உடல் சற்றுப் பருத்த ஓர் அம்மையார், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இரவு எட்டரை மணிக்கு வடையும் பூரியும் பாதாம் அல்வாவும் உண்டார். பத்து மணிக்கு மேல்வயிற்றில் ஓர் இறுக்கம் கண்டது. பத்தரைக்கு அது தாங்கொணாத வலியாயிற்று. படுக்க முடியாமல் கூடத்தில் உலாவினார்; இருமுறை வாந்தியெடுத்தார்; வாந்தியினால் வலி குறையவில்லை. ஒரு மணிக்கு மேல் வலி தணியத் தொடங்கி, இரண்டு மணிக்கு உறங்கிப்போனார். மறுநாட் காலையில் வயிற்றில் இலேசான நோவைத் தவிர வேறொன்றுமில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வைத்தியரைக் கண்டபொழுது, வைத்தியர் வயிற்றைத் தொடுவதற்கு முன் கேட்டது இதுதான்: "விட்டு விட்டு வலிச்சுதாம்மா, இல்லே ஒரே மாதிரி நின்னுதா?"

"விட்டு விட்டெல்லாம் இல்லே டாக்டர். ஏறிச்சு, அப்படியே நின்னுடுச்சு. ஏப்பம் விட்டாக் கேக்கும்னு சோடாகூடக் குடிச்சுப் பாத்தேன்."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?"

"தீபாவளி அன்னிக்கு ராத்திரி வந்தது. பட்சணம் ஒத்துக்கலேன்னு விட்டுட்டோம். ஏப்பமும் உப்புசமும் தினம் இருக்கு."

பத்தரை முதல் ஒரு மணி வரை சீராக நின்ற வலி, வாந்திக்கும் ஏப்பத்துக்கும் பணியாத வலி, முன்னரும் ஒரு முறை கொழுப்பான பலகாரத்துக்குப் பின் வந்த வலி: இம்மூன்றும் பித்தப்பையையே சுட்டுகின்றன. நாள்தோறும் உள்ள ஏப்பமும் உப்புசமும் வேறு கணக்கைச் சேர்ந்தவை. வைத்தியர் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, நாற்பதைக் கடந்தவராகையால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், ஏனெனில் இதயத்தின் அடிச்சுவரில் நேரும் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வேஷம் போடக்கூடும். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. பிறகு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனும் அதன் அறிக்கையும்

இதற்குரிய பரிசோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தப்பையிலுள்ள கல்லைக் காட்டுவதில் விலை மிகுந்த சி.டி. ஸ்கேனையும் விட அது நம்பத்தக்கது; சாதாரண எக்ஸ்ரேயிலோ பெரும்பாலான கற்கள் தெரிவதேயில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை வெறும் வயிற்றோடு செல்ல வேண்டும். காலையில் ஒரு டம்ளர் பால் காப்பி குடித்துவிட்டுப் போனாலும், அதிலுள்ள கொழுப்பால் பை சுருங்கி, கல் கண்ணுக்குப் படாமற் போகலாம்.

திரையில் கல் ஒரு வெண்மையான புள்ளியாகவும், அதன் பின்னே ஒலியலைகள் செல்ல முடியாத கரிய நிழலாகவும் தோன்றும். பரிசோதிப்பவர் நோயாளியை இடப்பக்கம் புரளச் சொல்வது, அந்தப் புள்ளி உருண்டு இடம் மாறுகிறதா என்று பார்ப்பதற்கே. சுவரில் முளைத்த தசைக்கட்டியானால் அது நகராது. மேற்சொன்ன அம்மையாரின் அறிக்கையில் பல கற்கள் உண்டென்றும், அவற்றுள் பெரியது 11 மில்லி மீட்டரென்றும், பையின் சுவர் தடிக்கவில்லையென்றும், பொதுப் பித்தநாளம் 4 மில்லி மீட்டரென்றும் கண்டிருந்தது. சுவர் 3 மில்லி மீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சியையும், நாளம் 6 மில்லி மீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் கல் அதற்குள் இறங்கியிருக்கலாம் என்பதையும் சந்தேகிக்க வேண்டும். வயது முதிர்ந்தவர்களுக்கு நாளம் இயல்பாகவே சற்று அகலுவதுண்டு. நாளத்தில் உள்ள கல்லைக் குடலின் காற்று மறைத்துவிடுமாதலால், அங்கே மட்டும் இந்த ஸ்கேனை முழுவதும் நம்பலாகாது. பிலிருபின் முதலிய கல்லீரல் இரத்தப் பரிசோதனைகளில் மாறுதல் இருந்தால் எம்.ஆர்.ஐ. முறையில் நாளங்களைப் படமெடுத்துப் பார்ப்பார்கள்.

பொறுத்திருக்கக் கூடாத நிலைகள்

தானே அடங்கும் வலிக்குச் சில நாட்களில் வைத்தியரைக் கண்டால் போதும். ஆனால் கல் வாயை விட்டு விலகாமலே நின்றுவிட்டால் பை அழன்று புண்ணாகத் தொடங்கும். வலி ஆறு மணி நேரத்தைக் கடந்தும் தணியாதிருப்பதும், காய்ச்சல் காண்பதும், வலது விலாவின் கீழ் அழுத்தினால் மூச்சை உள்ளிழுக்க முடியாமல் நின்றுபோவதும் அதன் அடையாளங்கள். சிறு கல் ஒன்று நாளத்துக்குள் நழுவி அதை அடைத்தால், கண்கள் மஞ்சளிக்கும், சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும், மலம் வெளுக்கும். இவற்றோடு குளிர்நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்தால் நாளத்தில் சீழ்பிடித்திருக்கிறதென்று பொருள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வலி முதுகை ஊடுருவிச் சென்று, ஓயாத வாந்தியுடன், முன்னே குனிந்தால் சற்றுத் தணிவது போலிருந்தால், கல் கணையத்தின் வாயைக் கலக்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இந்நிலைகளில் வலி மாத்திரையை மேலும் மேலும் விழுங்கி இரவைக் கடத்துவது, நோயை வளரவிட்டு அடையாளத்தை மட்டும் மறைப்பதாகும்.

சிகிச்சை

வலி வந்த வேளையில் உணவை நிறுத்திவிட வேண்டும். டைக்ளோபெனாக் போன்ற மருந்துகள் இவ்வலிக்கு நன்றாக வேலை செய்கின்றன. ஆயினும் இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது.

வலி ஒரு முறை வந்த பின்னர், அது மீண்டும் வரும் சாத்தியம் மிகுதியாகையால், பித்தப்பையை எடுத்துவிடுவதே நிலையான சிகிச்சை. கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைத்தால், கல்லை உண்டாக்கிய நீரும் பையும் அப்படியே இருப்பதால் கல் திரும்பவும் உண்டாகும். இதை உணர்ந்தே பெர்லின் நகரத்து ரண வைத்தியரான லாங்கன்புக் 1882-இல் முதன்முதலாகப் பையையே எடுத்தார். 1985-இல் ஜெர்மானியரான எரிக் மூஹே, வயிற்றை அகலத் திறவாமல் சிறு துவாரங்களின் வழியே குழாய்க் கருவிகளைச் செலுத்தி அதே காரியத்தைச் செய்து காட்டினார். இன்று லாப்ராஸ்கோபி எனப்படும் அம்முறையே வழக்கம். பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகிறார்கள். பொதுப் பித்தநாளம் காயப்படுவது அபூர்வமாயினும் பெரிய கேடாகையால், அனுபவமுள்ள கையைத் தேடுவது நியாயமே. பை போனபின் பித்தம் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்கு வருகிறது; சிலருக்குச் சில காலம் மலம் இளகிப் போவதைத் தவிர ஜீரணத்துக்குப் பெரிய குறை நேர்வதில்லை. உபாதை தராத கல்லுக்குச் சாதாரணமாக ரண சிகிச்சை வேண்டியதில்லை.

அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை கொலஸ்டிரால் கற்களைக் கரைக்க வல்லதுதான். ஆனால் கல் சிறிதாகவும், சுண்ணம் படியாததாகவும், பை நன்கு சுருங்குவதாகவும் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் உண்ண வேண்டும். கரைந்த பின்னும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கல் மீண்டும் உண்டாகிறது. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் நிறையக் குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சைக் கற்கள் விழும் என்று சொல்லக் கேட்கிறோம். விழுவது மெய்யே. 2005-இல் அவ்வாறு விழுந்தவற்றைச் சோதித்தவர்கள், அவை 40 டிகிரிச் சூட்டில் பத்து நிமிஷத்தில் பச்சை எண்ணெயாக உருகிவிட்டதையும், அவற்றில் பித்தக்கல்லின் கூறு எதுவும் இல்லாததையும் கண்டார்கள். குடித்த எண்ணெயே குடலில் சவர்க்காரம் போல் திரண்டு வெளிவந்ததுதான் அந்த அற்புதம். அவ்வளவு எண்ணெயை ஒருமிக்கக் குடிப்பது, கல்லைக் கழுத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய வழியும் ஆகும்.

ரண சிகிச்சைக்குக் காத்திருக்கும் வாரங்களில் பொரித்த பண்டங்களையும் நெய்யும் தேங்காய்ப்பாலும் மிகுந்த உணவையும் விலக்குவது வலியைத் தடுக்க உதவும். இருக்கிற கல்லை அது கரைப்பதில்லை. கொழுப்பை அறவே நீக்கிப் பட்டினி கிடப்பதோ, வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உடலை இளைக்கச் செய்வதோ பையைச் சோம்பச் செய்து புதிய கற்களுக்கு வழி கோலும்.

நமது அம்மையார் ஆறாம் வாரத்தில் ரண சிகிச்சை செய்துகொண்டார். மூன்று மாதங்கழித்து வந்தபோது, இரவு வலி பிறகு வரவேயில்லை என்றும், ஏப்பமும் உப்புசமும் மட்டும் முன்போலவே இருக்கின்றனவென்றும் கூறினார். வைத்தியர் பழைய குறிப்பை எடுத்து, முதல் நாளே இரண்டையும் வெவ்வேறு வரிகளில் எழுதியிருந்ததைக் காட்டி, இரண்டாவது வரிக்கு அன்று முதல் தனியாக மருந்து தொடங்கினார்.